கையில் ஒரே ஒரு ஆஃபர்: அப்போதும் சம்பளம் பேசலாமா?

படிப்பை முடித்த கையோடு முதல் வேலைக்கு ஆஃபர் வந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு விதமான அறிவுரை வரும். "கிடைத்ததே பெரிது, வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போடு" என்பார் ஒருவர். "வேறொரு நிறுவனம் இதைவிட அதிகம் தருகிறது என்று சொல்லிப் பார், தானாக ஏற்றித் தருவார்கள்" என்பார் மற்றொருவர். முதல் அறிவுரை பயத்தில் பிறந்தது, இரண்டாவது பொய்யில். ஆனாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன: இன்னொரு ஆஃபர் கையில் இல்லாதவர் சம்பளம் பேச முடியாது.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. இரண்டாவது ஆஃபர் இல்லாதவரால் மிரட்ட முடியாது. "தராவிட்டால் போய்விடுவேன்" என்று சொல்ல அவருக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் "இதைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?" என்று கேட்க எந்தப் போக்கிடமும் தேவையில்லை. கேட்பதையும் மிரட்டுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வாயே திறப்பதில்லை. சிலர் திறக்கக் கூடாத விதத்தில் திறக்கிறார்கள். மிரட்டாமல் கேட்பதற்கு எப்படித் தயாராவது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

## காலியாகக் கிடக்கும் வீடு

வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள். உங்கள் தேவைக்குப் பொருந்தும் வீடு ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

"எனக்கு வேறு வீடு இல்லையே" என்பதை மட்டும் நினைத்தால் கேட்க மனம் வராது. ஆனால் வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். வீடு இரண்டு மாதமாகக் காலி. வந்து பார்த்தவர்கள் பலர். அவருக்குப் பிடித்தவர் நீங்கள். உங்களை விட்டால் மறுபடி விளம்பரம் தர வேண்டும், வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டைத் திறந்து காட்ட வேண்டும், அதற்குள் இன்னொரு மாத வாடகை போய்விடும். ஒரு மாத வாடகை என்பது ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை இழப்பதைவிடச் சிறிது குறைத்துக்கொள்வது அவருக்கே லாபமாக இருக்கக்கூடும். அதே நேரம் வாசலில் இன்னும் நான்கு பேர் முன்பணத்தோடு நின்றால் அவர் ஒரு காசும் குறைக்க மாட்டார்.

இரு தரப்புக்கும் பலம் எங்கிருந்து வருகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. பேச்சு முறிந்தால் ஒருவர் என்ன செய்வாரோ அதை அவருடைய 'மாற்று வழி' என்போம். மாற்று வழி நன்றாக இருப்பவரின் கை ஓங்கியிருக்கும். ஒரே ஆஃபர் வைத்திருப்பவர்கள் தவறவிடும் செய்தி என்னவென்றால், மாற்று வழி என்பது இரு பக்கமும் உண்டு. தம்முடையது பலவீனம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. நிறுவனத்தின் மாற்று வழி எப்படி இருக்கிறது என்று அவர்கள் யோசிப்பதே இல்லை.

## முதலில் உங்கள் பக்கத்தை எண்ணால் அளந்து பாருங்கள்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பட்டம் பெற்றவர். தரவுப் பகுப்பாய்வாளர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. ஐந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். சம்பளமும் நாணயமும் இடத்துக்கு இடம் மாறுபடும் என்பதால், ஆண்டுக்கு மொத்தம் 100 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் 88 நிலையான சம்பளம், அதாவது என்ன நடந்தாலும் மாதாமாதம் வருவது. மீதி 12 செயல்திறனைப் பொறுத்த ஊக்கத்தொகை. கடிதத்தில் '12 வரை' என்று இருக்கிறது.

இந்த ஆஃபரை மறுத்தால் இவருக்கு என்ன ஆகும்? "ஒன்றும் கிடைக்காது" என்று பதறுவதும் தவறு, "இதைவிட நல்லது உடனே கிடைக்கும்" என்று மிதப்பதும் தவறு. கணக்கு அவரிடமே இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் நாற்பது இடங்களுக்கு விண்ணப்பித்தார், ஆறு நேர்காணல்களுக்குப் போனார், ஓர் ஆஃபர் வந்தது. அதே வேகத்தில் தேடினால் அடுத்த ஆஃபருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகலாம், வேலையில் சேர இன்னும் ஒரு மாதம் ஆகலாம். அதுவும் இதே அளவுள்ள ஆஃபர் என்றே கொண்டால், முதல் ஆண்டில் எட்டு மாதச் சம்பளம்தான் கைக்கு வரும். 100-இல் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 67.

இது கச்சிதமான கணக்கு இல்லை என்பது உண்மைதான். ஒரே ஓர் ஆஃபரை வைத்து 'மூன்று மாதத்துக்கு ஒன்று' என்று முடிவு கட்டுவது, பகடையை ஒரு முறை உருட்டிவிட்டு அதன் குணத்தைச் சொல்வது போல. அடுத்தது இரண்டு வாரத்தில் வரலாம், எட்டு மாதமும் ஆகலாம். ஆனாலும் இந்தக் கணக்கு ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிடுகிறது: 100-க்கும் 67-க்கும் இடையே உள்ள தூரம் பெரியது என்று காட்டிவிடுகிறது. கணக்கில் சிறு பிழை இருந்தாலும் முடிவு மாறாது. இந்த ஆஃபரை இவர் ஏற்கத்தான் வேண்டும்.

இந்த முடிவைத் தொலைபேசியை எடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒரு தொகைக்குக் கீழே போனால் ஏற்பதில்லை என்று நீங்கள் வகுத்துக்கொள்ளும் கோட்டைக் 'கீழ் எல்லை' என்று சொல்லலாம். நம் பட்டதாரியின் கீழ் எல்லை 100-க்கு வெகு கீழே இருக்கிறது. ஆகவே கூட்டித் தர மறுத்தாலும் அவர் சேரப் போகிறார். இது தெரிந்துவிட்டால் பேச்சின் தொனி தானாக அமைந்துவிடும். 'இல்லையென்றால்' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அவர் வாயிலிருந்து வரக் கூடாது, ஏனென்றால் அதை முடித்துவைக்க அவரிடம் எதுவும் இல்லை. அதற்காக "எனக்கு வேறு ஆஃபர் எதுவும் இல்லை" என்று தாமாக முன்வந்து சொல்லத் தேவையும் இல்லை.

கணக்கு எதிர்த் திசையிலும் வரலாம். சம்பளம் வாடகைக்கும் கடன் தவணைக்குமே போதவில்லை என்றாலோ, வேலையை விட்டால் பெரிய அபராதம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தாலோ, ஒரே ஆஃபர் என்பதற்காக அதை ஏற்க வேண்டியதில்லை. அப்போது நீங்கள் கேட்பது கோரிக்கை மட்டும் இல்லை, உண்மையான நிபந்தனை. அதை அப்படியே சொல்லலாம்.

இதுவரை பார்த்தது: மறுத்தால் முதல் ஆண்டில் என்ன கிடைக்கும் என்று கணக்கிட வேண்டும், ஏற்பதா, இல்லையா என்று பேசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவுக்கு ஏற்ற தொனியில் கேட்க வேண்டும்.

## மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது

ஆஃபர் கடிதத்தில் உள்ள எண் வானத்திலிருந்து விழுவதில்லை. ஓரளவு ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களில் ஒவ்வொரு வேலை நிலைக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகையும் ஒரு அதிகபட்சத் தொகையும் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதே 'சம்பள வரம்பு'. நம் எடுத்துக்காட்டில் அது 90 முதல் 115 வரை என்று கொள்வோம். அனுபவம் இல்லாதவர்களை வரம்பின் கீழ்ப் பகுதியில் வைப்பது வழக்கம். 100 என்று அவர்கள் எழுதியபோது அதற்கு மேல் இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது, அதற்குக் காரணம் உண்டு.

உங்களோடு பேசும் ஹெச்.ஆர். அலுவலர் தாமாக முடிவெடுக்கும் அதிகாரம் சிறியது. சிறு உயர்வை அவரே தந்துவிட முடியலாம். அதைத் தாண்டினால் அந்தத் துறை மேலாளரிடமோ நிதிப் பிரிவிடமோ ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சென்ற ஆண்டு இதே வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள்?" என்பதாக இருக்கும். அவர்கள் ஓர் ஆண்டு வேலை செய்து 104 வாங்கும்போது, புதியவருக்கு 112 தந்தால் நாளை அவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். 'அதிகம் கேட்டால் அதிகம் கிடைக்கும்' என்ற அறிவுரை முதல் வேலையில் தோற்பது இந்த இடத்தில்தான். உங்களைத் தடுப்பது வரம்பின் உச்சி இல்லை. உங்களுக்குச் சற்று முன்னால் சேர்ந்தவர்களின் சம்பளம்.

இப்போது நிறுவனத்தின் மாற்று வழிக்கு வருவோம். உங்களைத் தேர்ந்தெடுக்க மூன்று நான்கு பேர் பல மணி நேரம் செலவிட்டிருக்கிறார்கள். இரண்டாவதாக வந்தவர் இதற்குள் வேறெங்காவது சேர்ந்திருக்கலாம். உங்களை இழந்தால் நேர்காணல்களை மறுபடி தொடங்க வேண்டும், அந்த இருக்கை இன்னும் பல வாரம் காலியாக இருக்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஆண்டுக்கு 4 அல்லது 5 கூடுதலாகத் தருவது அவர்களுக்குப் பெரிய தொகை இல்லை. ஆஃபர் வந்த பின், நீங்கள் ஏற்பதற்கு முன் உள்ள அந்தச் சில நாட்களில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் எடை, நேர்காணலின்போது இருந்ததில்லை. கையெழுத்துப் போட்ட பின் இருக்கப்போவதும் இல்லை.

## அங்கே இடம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது

எல்லா ஆஃபரிலும் இடம் இருப்பதில்லை. ஒரே நாளில் ஐம்பது, நூறு பேரை எடுத்து எல்லோருக்கும் ஒரே தொகையை அச்சடித்துத் தரும் பெருமளவு ஆள்சேர்ப்பில் சம்பளத்தை மாற்ற முடியாது. உங்களோடு தேர்வானவர்களைக் கேளுங்கள். எல்லோர் கடிதத்திலும் ஒரே எண் என்றால், ஒருவருக்கு மட்டும் மாற்றுவது அவர்கள் முறைக்கே எதிரானது. அரசுப் பணிகளிலும் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களிலும் சம்பளப் படிநிலை எழுதிவைக்கப்பட்டது. அங்கே பேசக்கூடியது நீங்கள் எந்தப் படியில் தொடங்குகிறீர்கள் என்பதை மட்டுமே.

மாறாக, குறிப்பிட்ட ஒரு குழுவுக்காக ஒரே ஓர் இடத்தை நிரப்புகிறார்கள், மேலாளரே உங்களை நேர்காணல் செய்தார், நேர்காணலில் குறிப்பிட்ட ஒரு திறமையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள், விளம்பரம் நீண்ட நாள் இருந்தது என்றால் இடம் இருக்க வாய்ப்பு அதிகம். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று அவர்களே முதலில் கேட்டிருந்தால், தொகை முன்கூட்டியே முடிவாகியிருக்கவில்லை என்று பொருள்.

வரம்பைத் தெரிந்துகொள்ள ஊகம் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் சம்பள வெளிப்படைத்தன்மை குறித்த ஆணையை இயற்றியது. பல நாடுகளில் கிளைகள் உள்ள நிறுவனம் என்றால், அது அத்தகைய இடங்களில் இதே நிலைக்குத் தந்த விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் உச்சத்துக்கும் அடிக்கும் எவ்வளவு விகித இடைவெளி விடுகிறார்கள் என்பது ஓரளவு தெரியும். அதைவிட நம்பகமானது, உங்கள் கல்லூரியில் ஓரிரு ஆண்டு முன்னால் படித்து அதே மாதிரி வேலையில் இருப்பவர்களிடம் கேட்பது. "உங்கள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் நெளிவார்கள். "புதிதாகச் சேர்பவருக்கு 100 என்கிறார்கள், இது சரியாகப் படுகிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் மனம் திறந்து சொல்வார்கள். மூன்று நான்கு பேரிடம் கேட்டால் போதும்.

நம் பட்டதாரி கேட்டுப் பார்த்தார். அதே நிலையில் சேர்ந்தவர்கள் 98 முதல் 108 வரை தொடங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: ஊக்கத்தொகையில் முழு 12-ம் வந்தவர் எவரும் இல்லை, பாதிதான் வருகிறதாம். அப்படியானால் '100' என்று எழுதிய கடிதத்தின் உண்மையான மதிப்பு 94.

## மொத்தத் தொகையைத் தொடாதீர்கள், நிலையான பகுதியைக் கேளுங்கள்

இந்த ஒரு செய்திக்காகவே தேடியது வீண்போகவில்லை. "மொத்தத்தைக் கூட்டுங்கள்" என்று கேட்டால் ஊக்கத்தொகையை 12-லிருந்து 19 ஆக்கிவிட்டு "உங்களுக்கு 107" என்று சொல்ல முடியும். காகிதத்தில் 7 கூடும், கையில் பாதிகூட வராமல் போகலாம்.

நிலையான சம்பளத்தைக் கேட்பதற்கு இன்னொரு காரணம், ஆண்டு உயர்வு. உயர்வை நிலையான சம்பளத்தின் சதவீதமாகக் கணக்கிடும் இடங்களில், தொடக்கத்தில் கூடிய தொகை ஒவ்வோர் ஆண்டும் தானும் வளரும். 88-க்குப் பதில் 92-இல் தொடங்கினார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்றால், அந்த 4 இரண்டாம் ஆண்டில் 4.2 ஆகும், மூன்றாம் ஆண்டில் 4.41 ஆகும். பத்து ஆண்டுகளில் மொத்தம் ஏறக்குறைய 50 சேரும், அதாவது இப்போதைய ஆஃபரில் அரை ஆண்டுத் தொகை. வேலையில் சேரும்போது ஒருமுறை தரும் போனஸாக அதே 4 கிடைத்தால், அது கடைசிவரை 4 தான். நடுவில் வேலை மாறினால் இந்தக் கணக்கு மாறிவிடும். அதனால் பத்து ஆண்டுத் தொகையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்க வேண்டாம். எந்தப் பகுதியை முதலில் கேட்பது என்று தெரிந்துகொள்ள அது போதுமானது.

## எந்த எண்ணைச் சொல்வது

1974-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரமான சோதனை இருக்கிறது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுப்பட்ட மதிப்பீடு 25; 65-இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண், பின்னால் வந்த எண்ணைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இதற்கு 'நங்கூர விளைவு' என்று பெயர்.

உங்கள் விஷயத்தில் நங்கூரத்தை நிறுவனம் ஏற்கெனவே போட்டுவிட்டது: 88. "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னால் பேச்சு அந்த 88-ஐச் சுற்றியே நிற்கும். ஒரு எண்ணைச் சொன்னால் பேச்சு இரண்டு எண்களுக்கு நடுவில் நகரும். அந்த எண் சற்று உயர்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து இறங்கித்தான் முடியும். ஆனால் முன்னால் சேர்ந்தவர்களைத் தாண்டிப் போகவும் கூடாது. நம் பட்டதாரி 95 என்று முடிவு செய்தார். ஊக்கத்தொகை 12-ஐச் சேர்த்தால் 107. அவர் கேள்விப்பட்ட 108-க்குள் இருக்கிறது. "90-லிருந்து 95 வரை" என்று ஒரு வீச்சாகச் சொல்ல அவருக்கு ஆசை இருந்தது, பணிவாகத் தெரியுமே என்று. அப்படிச் சொன்னால் கேட்பவர் காதில் 90 மட்டும்தான் விழும்.

இதுவரை பார்த்தது: ஆஃபரில் இடம் இருக்கிறதா என்று அறிகுறிகளால் கணித்தோம், நிலையான பகுதியைத் தேர்ந்தெடுத்தோம், முன்பு சேர்ந்தவர்களின் தொகைக்குள் அடங்கும் ஒரே எண்ணை முடிவு செய்தோம்.

## மேலாளருக்குப் போகும் ஒரு வரி

ஹெச்.ஆர். அலுவலர் உங்களுக்காக ஒப்புதல் கேட்கப் போகிறார் என்றால், அவர் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் எழுதத்தக்க ஒரு வரியை நீங்கள் தர வேண்டும். "ஊரில் வாடகை அதிகம்", "கல்விக் கடன் இருக்கிறது" என்பவை உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் அவற்றை அவர் அந்தக் குறிப்பில் எழுத முடியாது. சேருகிற எல்லோருக்கும் அவை இருக்கின்றன. வேலைக்குப் பயன்படும் காரணத்தை எழுத முடியும்.

நம் பட்டதாரி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தவர். அங்கே ஒருவர் வாரந்தோறும் ஒரு முழு நாள் உட்கார்ந்து தயாரித்த விற்பனை அறிக்கையை, ஒரு மணி நேரத்தில் முடியும்படி நிரல் எழுதி மாற்றினார். நேர்காணலில் மேலாளர் அதைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டார். வேலை விளம்பரத்திலும் 'அறிக்கைகளைத் தானியங்கியாக்குதல்' என்று இருக்கிறது. ஆகவே அந்த ஒரு வரி இது: "இந்த வேலையில் முதல் சில மாதம் கற்றுத்தர வேண்டியதை இவர் ஏற்கெனவே செய்திருக்கிறார்." ஒரு காரணம் போதும். நான்கு காரணம் சொன்னால், எதிரில் இருப்பவர் அவற்றில் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார்.

மின்னஞ்சலா, தொலைபேசியா? கடிதம் வந்ததும் நன்றி சொல்லி, சில விவரங்கள் பேச நேரம் கேட்டு ஒரு சிறு மின்னஞ்சல்; பேச்சு தொலைபேசியில். குரலில் உள்ள ஆர்வம் எழுத்தில் தெரியாது; எழுதிய கோரிக்கை கொஞ்சம் விறைப்பாகவே படும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது.

"இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இந்தக் குழுவில் சேர விரும்புகிறேன். கையெழுத்துப் போடும் முன் நிலையான சம்பளம் பற்றி ஒன்று கேட்கலாமா?"

"சொல்லுங்கள்."

"கடிதத்தில் 88 என்று இருக்கிறது. நேர்காணலில் அறிக்கைகளைத் தானியங்கியாக்கும் பணி பற்றி மேலாளர் விரிவாகக் கேட்டார். இன்டர்ன்ஷிப்பில் அதே பணியை ஆறு மாதம் செய்திருக்கிறேன், அதனால் தொடக்கத்திலேயே பயன்பட முடியும். அதைக் கருதி 95 ஆக்க வழி இருக்கிறதா?"

இங்கே நிறுத்த வேண்டும். இதுதான் பயிற்சி தேவைப்படும் இடம். எதிர்முனையில் நான்கு விநாடி அமைதி வந்தாலே, பழக்கமில்லாதவர்கள் "முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்று தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் கணினியில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு நண்பரை ஹெச்.ஆர். ஆக உட்காரவைத்து, கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதை இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் பலன் உண்டு.

## மூன்று விதமான பதில்கள்

"சரி, பார்த்துச் சொல்கிறேன்" என்பது பெரும்பாலும் வரும் பதில். ஒப்புதலுக்குப் போகிறது என்று பொருள். எப்போது தெரியும் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐந்து நாள் கெடு அதற்குள் முடியுமானால், கெடுவை நீட்டிக்கச் சொல்லி மின்னஞ்சலில் உறுதி பெற வேண்டும். அடுத்த நாளே விசாரித்துத் தொந்தரவு செய்வது காரியத்தைக் கெடுக்கும்.

"95 முடியாது, 92 தரலாம்" என்பது இரண்டாவது. நம் பட்டதாரிக்கு இரண்டு நாளில் வந்தது இந்தப் பதில்தான். இதற்கு மேல் இழுக்கலாமா? இழுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒருவர் உங்களுக்காக மேலே போய்ப் பேசி ஓர் எண்ணோடு திரும்பியிருக்கிறார். அதை ஏற்காமல் இன்னும் ஒன்றிரண்டு கேட்டால், அடுத்த முறை அவர் உங்களுக்காகப் போக மாட்டார். நன்றி சொல்லி ஏற்க வேண்டிய இடம் அது.

மூன்றாவது, "புதிதாகச் சேர்பவர்கள் எல்லோருக்கும் இதுதான், மாற்ற முடியாது." இது உண்மையாக இருக்கலாம். வாதாட வேண்டாம். சம்பளப் பட்டியலைத் தொடாமல் அவர்களால் தரக்கூடியது வேறு ஏதாவது இருக்கும்; அதை முன்கூட்டியே ஒன்று தேர்ந்து வைத்திருக்க வேண்டும். இடம் மாறி வருபவருக்குக் குடிபெயரும் செலவு, சேரும்போது ஒருமுறை தரும் போனஸ், சேரும் தேதி, எந்தக் குழு என்பவை இத்தகையவை. ஒரு முறை தரும் போனஸை ஏற்கும் முன், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டுமா என்று கேளுங்கள். பல இடங்களில் அப்படி ஒரு விதி உண்டு. "ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபரிசீலனை செய்கிறோம்" என்று வாய்மொழியாகச் சொன்னால், கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஹெச்.ஆர். அலுவலர் அங்கே இல்லாமல் போகலாம்.

ஆஃபரையே திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டால்? எல்லோரும் அஞ்சுவது இதைத்தான். பணிவாக ஒரு முறை கேட்டதற்காக அப்படிச் செய்வது அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். இந்த அபாயத்தைக் கூட்டும் செயல்கள் தெரிந்தவை: ஒப்புக்கொண்ட பின் மறுபடி பேரம் பேசுவது, ஒன்று கொடுத்ததும் அடுத்தது கேட்பது, இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது. கடைசியில் சொன்னது மிகவும் ஆபத்தானது. "அந்தக் கடிதத்தை அனுப்புங்கள், அதைப் பார்த்து ஒப்புதல் வாங்குகிறோம்" என்று அவர்கள் வழக்கமான நடைமுறையாகவே கேட்கலாம். அப்போது சொல்லப் பதில் இருக்காது. "அப்படியானால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்று வாழ்த்தினாலும் அதே கதிதான்.

நம் பட்டதாரிக்கு 92 என்று திருத்திய கடிதம் வந்தது. அதில் ஊக்கத்தொகை அதே 12 தானா, நிலையான பகுதியில் ஏற்றியதை அங்கே குறைத்துவிட்டார்களா என்று அவர் முதலில் பார்த்தார். 12 தான் இருந்தது. சேரும் தேதியும் பதவிப் பெயரும் பழைய கடிதத்தில் உள்ளபடியே இருந்தன. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.